சைலன்சர் வீட்டுக் குறுஞ்செய்திகள்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். திக்குவாய் உள்ள மனிதர். முதல் எழுத்து நாக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். அது வருவதற்குள் எதிரில் இருப்பவர் தன் பேச்சைத் தொடங்கிவிடுவார். அதனால் பேச்சை அவரே குறைத்துக்கொண்டார். எஞ்சினில் காதை வைத்துக் கேட்பார், ஸ்பானரை எடுப்பார், வேலை முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்துவார். ஓட்டுநர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டாரே தவிர வருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நிலைமை தலைகீழ். அவருடைய மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பவர். வாய் ஓயாத பெண்மணி. மெஷின் ஓடினாலும் பேசுவார், நின்றாலும் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்று உறவினர்கள் தயங்கியபோது, “ரெண்டு பேரும் பேசினா கேக்கறது யாரு?” என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைத்தவரே அவர்தான்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் வீட்டுக்குக் கைப்பேசி வந்தது. சைலன்சருக்கு வாய் முளைத்தது அன்றைக்குத்தான். குறுஞ்செய்தியில் திக்கல் கிடையாது. வேலையிடத்தில் பேருந்துக்கு அடியில் உள்ள குழியில் இறங்கிவிட்டால் இணையம் வராது, ஆனால் குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ வந்துவிடும். ஆகவே மற்றவர்கள் வேறு வேறு செயலிகளுக்கு மாறிப் போன பிறகும், ஆண்ட்ராய்டு போன் வாங்கிய பிறகும், அவர்கள் இருவரும் பழைய குறுஞ்செய்தியையே பிடித்துக்கொண்டார்கள். காலையில் எந்த வண்டி வந்தது, எந்த ஓட்டுநர் கிளட்சைக் கொன்று கொண்டுவந்தார், மேலதிகாரி என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார். ஊரெல்லாம் சைலன்சர் என்று கூப்பிட்ட மனிதருக்கு அவர் மனைவி தன் போனில் வைத்திருந்த பெயர் ‘ஹார்ன்’.

அழைப்பு என்பது அவர்களுக்குள் பேசுவதற்காக இல்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் மனைவி ஒரு மணி அடித்துவிட்டுத் துண்டிப்பார். சாயங்காலம் பணிமனையிலிருந்து கிளம்பும்போது இவர் ஒரு மணி அடிப்பார். உடனே வீட்டிலிருந்து கடையில் வாங்க வேண்டியவை குறுஞ்செய்தியாக வரும். “நூல் வெள்ளை ரெண்டு. சோப்பு. மறந்துட்டேன்னு மட்டும் எழுதாதே, அவ்வளவு எழுதற கைக்கு ஒரு பையத் தூக்கத் தெரியாதா.”

மழை முடிந்த ஒரு மாதத்தில் அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சரிந்து விழுந்தார். சீருடைக்குத் துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து ஆள் கூட்ட, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் காலும் தளர்ந்தன. கூடவே பேச்சும் போயிற்று. சொல்வது புரிந்தது, முகம் தெரிந்தது, கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சொல் மட்டும் வரவில்லை. எது கேட்டாலும் “தா… தா…” என்று தொடங்கி, அது தான் நினைத்த சொல் இல்லை என்று தெரிந்து, கண் கலங்கி நிறுத்திவிடுவார்.

அவர் விழுந்தபோது கையிலிருந்த போன் மெஷினின் இரும்புக் காலில் மோதித் திரை நொறுங்கிவிட்டது. அதை அவர்களுடைய மகள் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள். அதிலிருந்த சிம்முக்கு மட்டும் சைலன்சர் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். எதற்கு என்று மகள் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

வாரத்தில் சில நாள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் இளம் பெண். அவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைத்தார்கள். படங்களைக் காட்டுவார். நாற்காலி, குடை, மரம். தையல்காரம்மா படத்தைப் பார்ப்பார், டாக்டரைப் பார்ப்பார், குழந்தைப் பாடம் நடத்துகிறாயா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் டாக்டர் படங்களை மூடிவைத்துவிட்டு, இவர் வீட்டில் சாதாரணமாக என்னென்ன பேசுவார், எந்தச் சொல்லை அடிக்கடி சொல்வார், திட்டுவதென்றால் எப்படித் திட்டுவார் என்று கேட்டார். யாரோ எழுதிய சொற்களைவிட அவரவர் பழகிய சொற்கள் சீக்கிரம் திரும்பி வரலாம் என்று விளக்கினார். மகள் யோசித்துச் சிலவற்றைச் சொன்னாள். சைலன்சருக்கு முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இந்தப் போன் வாங்கிய பிறகான ஐந்தாறு வருடப் பேச்சு முழுவதும், மனைவி எழுதின மாதிரியே, அதற்குள் இருக்கிறது. பெருமையாகச் செய்திப் பகுதியைத் திறந்தார்.

அதில் இரண்டே இரண்டு விளம்பரச் செய்திகள் இருந்தன. வேறொன்றும் இல்லை.

அவர் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூடித் திறந்தார். பிறகு அழைப்புப் பட்டியலைத் திறந்தார். அதிலும் அந்த வாரத்து அழைப்புகள்தான் இருந்தன. மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அப்பா, அன்னைக்கு டாக்டர் வீடியோ அனுப்பினாங்கல்ல, பயிற்சி வீடியோ. இடம் இல்லைன்னு வந்துச்சு. நான்தான் பழைய மெசேஜ், கால் லிஸ்ட் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி…”

சைலன்சர் அவள் தலையில் கையை வைத்தார். நடந்தது என்னவென்று புரிந்த தையல்காரம்மா, இடது கையால் மகளின் துப்பட்டாவை இழுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

*

பணிமனைக்கு எதிர் வரிசையில் ஒரு போன் பழுதுபார்க்கும் கடை இருந்தது. நடத்தியவர் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். கண்ணாடி மேசை, அதன்மேல் நீல ரப்பர் விரிப்பு, சின்னத் திருகுகளுக்கு மாத்திரைப் பெட்டி. சாயங்காலம் அப்பாவும் மகளும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். மகள் வரும் வழியிலேயே தன் போனில் தேடிப் பார்த்துவைத்திருந்தாள்; அழிந்ததை ஒரே தட்டில் மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றை அப்பா போனில் ஏற்றட்டுமா என்று கேட்டாள்.

கடைக்காரம்மா அதைக் கேட்டதும் முதல் வேலையாகப் போனை வாங்கி விமானப் பயன்முறையில் போட்டார். எதையும் ஏற்ற வேண்டாம் என்றார். செய்திகளும் அழைப்புகளும் போனுக்குள் ஒரு தரவுக் கோப்பில் உட்கார்ந்திருக்கின்றன. அழித்தவுடன் அவை அந்த நொடியே துடைக்கப்படுவதில்லை, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதிதாக ஏதாவது வந்தால் அதன்மேல் எழுதிவிடும். ஆனால் அந்தக் கோப்பை வெளிச் செயலி எதுவும் தோண்டிப் பார்க்க முடியாதபடி போன் பூட்டிவைத்திருக்கிறது. பூட்டை உடைக்கப் போனால் போனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறக்கும். அந்தச் செயலிகளில் பல, இருப்பதையே காட்டிக் காசு கேட்பவை என்று சொல்லிவிட்டு, இருக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

அழிப்பதற்குப் பதில் கைதவறி ஒதுக்கிவைத்திருந்தால் காப்பகப் பகுதியில் இருக்கும். அங்கே இல்லை. குப்பைச் செய்திகளுக்கான பகுதியிலும் இல்லை. அமைப்புகளுக்குள் போய் கூகுள் கணக்கின் பேக்கப்பைப் பார்த்தார். அது தொடக்கத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது.

“இது மட்டும் ஓடிட்டு இருந்திருந்தா, போனை முழுசா அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கும்போது மெசேஜ், கால் லிஸ்ட் ரெண்டையும் கீழ இறக்கிருக்கலாம் அண்ணா. அப்பவும்கூட, அழிச்ச பிறகு அது மறுபடி ஓடிருந்தா காலியா இருக்கறதைத்தான் காப்பி எடுத்திருக்கும்.”

சிம் நிறுவனத்தில் கேட்டால் கிடைக்காதா என்றாள் மகள். அவர்கள் தரும் விவரத்தில் எந்த எண்ணுக்கு எப்போது என்பது இருக்கும், செய்தியில் என்ன எழுதியிருந்தது என்பது இருக்காது என்றார் கடைக்காரம்மா. “ஒரு சின்ன மெசேஜை அழிச்சா…” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எழுத்துச் செய்திகள் எவ்வளவு இருந்தாலும் பிடிக்கும் இடம் ஒரு வீடியோவில் துளிகூட இல்லை என்பதை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மகள் தண்ணீர் வாங்கிவர வெளியே போனபோது, சைலன்சர் தன் போனைத் திரும்ப வாங்கினார். குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்து எழுதிக் காட்டினார். மனைவி விழுந்த அன்று பிற்பகல் அவர் வண்டிக்கு அடியில் இருந்தபோது பையில் போன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை, நெடுநேரம் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். அதோடு, அவர் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. எடுத்து என்ன பேசுவது? மேலே ஏறி வருவதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். அந்த அழைப்பு யாருடையது என்று அவர் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்க்க நேரமில்லை. அதற்குப் பிறகு பார்க்கப் பயமாக இருந்தது. இப்போது பார்க்கவே முடியாது. அவள் உதவிக்குக் கூப்பிட்டு நான் எடுக்காமல் விட்டேனா என்பதுதான் அவர் எழுதியிருந்த கடைசி வரி.

கடைக்காரம்மா அதை மெதுவாகப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணி போன் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

உடைந்துவிட்டது என்று சைகை காட்டினார் சைலன்சர்.

“திரைதானே உடைஞ்சது. நீங்க எழுதினது அவங்களுக்குப் போயிருக்கு. அவங்க எழுதினது அவங்க போன்லதானே கிளம்பிச்சு. ஒரு பேச்சுக்கு ரெண்டு முனை இருக்கு அண்ணா. ஒரு முனையிலதான் அழிஞ்சிருக்கு. அவங்க கூப்பிட்டிருந்தா அதுவும் அங்க இருக்கும்.”

எடுக்காத அழைப்பும் இருக்குமா என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வரவில்லை. அவர் கேட்க வந்தது கடைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவசரப்படாமல் அவர் கேட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக் காத்திருந்தார்.

“எ… எ… எடுக்காததும் இருக்குமா?”

“இருக்கும். பண்ணின கால் எல்லாம் பதிவாகும், எடுத்தாலும் எடுக்காட்டியும்.”

*

மறுநாளே உடைந்த போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே மாதிரிக்குப் பொருந்தும் திரையைக் கடைக்காரம்மா வரவழைத்து மாட்டினார். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. சார்ஜரில் போட்டுச் சிறிது நேரம் கழித்து உயிர் வந்தது. ஒன்பது புள்ளிகள் தோன்றின.

புள்ளிகளை எந்த வரிசையில் கோடு போட்டு இணைப்பது என்று யாருக்கும் தெரியாது. சைலன்சர் மகளின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டுப் பார்த்தார். மகள் அப்பாவின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டாள். ஒரு வட்டம், ஒரு சதுரம். ஐந்தாவது தவறுக்குப் பிறகு போன் அரை நிமிடம் காத்திரு என்றது. கடைக்காரம்மா போனை வாங்கிக்கொண்டார். தவறு கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும், இனி யூகம் வேண்டாம் என்றார்.

அம்மாவின் விரலை வைத்தால் திறக்காதா என்றாள் மகள். கைரேகை வைத்திருந்தார்தான். ஆனால் போன் அணைந்து மறுபடி உயிர்பெற்றால் முதல் தடவை கோட்டைத்தான் கேட்கும், ரேகையை ஏற்காது. அதைப் போட்ட பிறகுதான் உள்ளே பூட்டியிருக்கும் செய்திகளின் பூட்டே திறக்கும். கோட்டை மாற்றிவைப்பதென்றால் போனை முழுதாக அழிக்க வேண்டும். அந்த அம்மாள் கை போட்டால்தான் உண்டு.

கடைக்காரம்மா மதியம் கடையை மூடிவிட்டு அவர்களோடு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் தையல்காரம்மா. மடியில் பாதி தைத்த ஒரு சின்னச் சட்டை. தைக்க முடியாவிட்டாலும் கையில் துணி இருந்தால் நிம்மதியாக இருப்பார் என்று மகள் கொடுத்துவைத்திருந்தாள்.

மகள் போனை நீட்டினாள். “அம்மா, பூட்டைத் தொறம்மா. கோடு போடுவியே, அது.” தையல்காரம்மா புள்ளிகளைப் பார்த்தார். விரலைக் கொண்டுபோனார். பாதி வழியில் நின்றார். மகளைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், முன்பின் பழகாத கடைக்காரம்மாவைப் பார்த்தார். மூன்று ஜோடிக் கண்கள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு எதுவும் வரவில்லை. ஒரு கோடு போட்டார், தவறு. இன்னொன்று, அதுவும் தவறு. போனைத் துணியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரம்மா மகளின் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் அழைத்துப் போனார். “விடும்மா. கேட்டாதான் மறக்கும். நமக்கே நம்ம பூட்டை வாயால சொல்லச் சொன்னா வராது, கை தானாப் போடும்” என்றார். அங்கே இருவரும் பாத்திரம் கழுவுவதுபோல நின்றார்கள்.

சைலன்சர் கொஞ்ச நேரம் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் தோளில் கையை வைத்து எடுத்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோலத் தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். விமானப் பயன்முறையை அணைத்தார். மனைவியின் எண்ணுக்கு அழைத்தார்.

மூன்று மாதமாக இழுப்பறையில் கிடந்த போன் மடியில் அடித்தது. ஒரே ஒரு மணி. அவர் துண்டித்துவிட்டார்.

பூட்டுத் திறக்காத போனில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணே அந்த அம்மாளுக்குப் போதுமாக இருந்தது. அடுக்களைக் கதவோரம் நின்ற மகள் பார்த்ததைப் பின்னால் பலமுறை சொன்னாள். அம்மா தலையைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இடது கையால் போனை எடுத்தாள். வலது கையில் எப்போதும் துணியோ கத்தரிக்கோலோ இருந்ததால் வருடக்கணக்காக அவள் போனை இடது கையில்தான் பிடித்திருக்கிறாள். வாதம் தொடாத கை. கட்டைவிரல் சட்டென்று மேலிருந்து கீழே இறங்கி, குறுக்கே போய், மறுபடி ஏறியது. புள்ளிகள் மறைந்தன. உள்ளே, பள்ளிச் சீருடை போட்ட மகளின் பழைய படம் வந்தது. அப்பா கிளம்பிவிட்டார், கடைச் சாமான் சொல்ல வேண்டும் என்று அம்மாவின் கை செய்திப் பகுதியைத் தானாகத் திறந்தது. அதற்கப்புறம்தான் தான் செய்தது என்ன என்று அம்மாவுக்கே தெரிந்தது. போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

செய்திகள் அத்தனையும் இருந்தன.

முதல் வரியில் ‘ஹார்ன்’ என்ற பெயர். உள்ளறையிலிருந்து வந்த சைலன்சர் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

கடைக்காரம்மா திரையைப் படிக்காமல், பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். போன் பூட்டிக்கொள்ளாதபடி வைத்தார். செய்திகளையும் அழைப்புகளையும் தனிக் கோப்பாக எடுத்துவைக்கும் ஒரு செயலியை ஏற்றினார். எல்லாவற்றையும் கோப்பாக்கி, ஒரு பிரதியை மெமரி கார்டிலும் இன்னொன்றை மகளின் கணினியிலும் போட்டார். இனிமேல் மறக்காதபடி இரண்டு போன்களிலும் பேக்கப்பை ஓடவிட்டார்.

அந்தக் கோப்பை அப்பாவின் போனில் ஏற்றிவிட்டால் அங்கேயும் எல்லாம் வந்துவிடுமே என்றாள் மகள். ஏற்றலாம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது என்றார் கடைக்காரம்மா. இது அம்மாவின் போனில் எடுத்தது. அம்மா அனுப்பியவை அனுப்பியவையாகவே பதிவாகியிருக்கும். அதை அப்படியே அப்பா போனில் இறக்கினால், அவற்றை அப்பா அனுப்பியதாகக் காட்டும்.

“அண்ணி திட்டினதெல்லாம் நீங்க திட்டின மாதிரி ஆயிடும் அண்ணா.”

சைலன்சர் சிரித்தார். சத்தமாக, மூச்சு முட்டச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் திக்கல் இருக்கவில்லை. தையல்காரம்மாவும் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் மூன்று மாதமாகக் கேட்காத சத்தம் அது.

கிளம்புவதற்கு முன்னால் கடைக்காரம்மா அழைப்புப் பட்டியலைத் திறந்து, போனை சைலன்சர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டு மகளோடு அடுக்களைக்குப் போனார். சைலன்சர் கீழே தள்ளிக்கொண்டே போய் மனைவி விழுந்த நாளில் நிறுத்தினார். மதியம் ஹார்னுக்கு ஓர் அழைப்பு, பேசிய நேரம் எதுவுமில்லை. வழக்கமான மணி. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. சில நிமிடம் பேசியிருக்கிறார், துணி கொண்டு வருகிறேன் என்றிருப்பாள். அதற்கப்புறம் அந்த அம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிடவே இல்லை. அந்த நெடுநேர மணி வேறு யாரோ. கிடங்கிலிருந்து எந்த உதிரிபாகம் வேண்டும் என்று கேட்டுக் கூப்பிட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் இனி அவருக்குக் கவலையில்லை.

அவர் அந்த நாளின் பட்டியலை மனைவியிடம் காட்டி, கடையில் எழுதிய குறிப்பையும் தன் போனில் திறந்து காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். இத்தனை மாதம் இவர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது. இடது கையால் அவர் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, நெற்றியை நெற்றியோடு வைத்துக்கொண்டார்.

*

அடுத்த பயிற்சிக்கு மகள் செய்திகளிலிருந்து பொறுக்கிய பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோனாள். சைலன்சர் கூச்சப்பட்டுச் சிலவற்றை நீக்கச் சொல்லியிருந்தார். டாக்டர் படிக்கப் படிக்கச் சிரித்தார். நாற்காலி, குடை படங்கள் மேசைக்குள் போயின. “பொய்”, “போதும் போதும்”, “சாப்டியா”, “வெள்ளை நூல்”, “என்னத்தச் சொல்ல” என்று புதிதாக அட்டைகள் வந்தன. தையல்காரம்மா அட்டைகளைக் கையில் வாங்கினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

சொல் அப்போதும் உடனே வந்துவிடவில்லை. உதடு குவியும், மூச்சு முட்டும், வேறு ஏதோ வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சைலன்சருக்கு அந்த அவஸ்தையின் ஒவ்வொரு இழையும் தெரியும். டாக்டர் அவரையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஒரு தாளை இருவருக்கும் நடுவில் வைத்து, மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து படிப்போம், மெதுவாக, மேசையில் தாளம் தட்டிக்கொண்டு, என்றார். தனியாகப் பேசும்போது திக்குகிறவர்களுக்குப் பிறரோடு சேர்ந்து சொல்லும்போது திக்கல் விலகிவிடுவது உண்டு. பேச்சிழந்தவர்களுக்கும் கூடவே ஒரு குரல் ஓடினால் அதைப் பிடித்துக்கொண்டு சொல் வருவதுண்டு என்றார்.

சைலன்சர் தலையசைத்து மறுத்தார். சத்தம் போட்டுப் படித்து அவருக்குப் பள்ளிக்கூடத்தோடு பழக்கம் விட்டுப்போயிற்று. மனைவி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

தாளில் இருந்தது ஒரு மழைநாள் செய்தி. டாக்டர் தட்டினார். மூன்று குரல்கள் தயங்கித் தொடங்கின. இரண்டாவது முறை டாக்டர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான்காவது முறை அவர் உதட்டை மட்டும் அசைத்தார். இவர்கள் இருவரும் தாளைப் பார்க்காமல் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மழை வருது. சீக்கிரம் வா.”

அவர் குரல் திக்கவில்லை. அந்த அம்மாளின் குரல் சற்றுக் குழறியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அது அதுவாகவே வந்தது. மகள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் இவ்வளவு கனமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வீட்டிலும் அதைத் தொடர்ந்தார்கள். சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவியதும் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய செய்திகளில் ஒன்றை எடுத்து மெஷின் பலகையில் தட்டித் தட்டிச் சேர்ந்து சொல்வார்கள். சில நாள் நாலு சொல் வரும், சில நாள் ஒன்றும் வராது. வராத நாளில் தையல்காரம்மா எரிச்சலோடு தாளைத் தள்ளிவிடுவார், அவர் பொறுக்கி எடுத்துவைப்பார். கோடை முடியும்போது அந்த அம்மாள் தானாகவே சில சொற்கள் சொல்லத் தொடங்கியிருந்தார். அவற்றில் பெரும்பாலும் திட்டுத்தான்.

துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே யாரோ பாடம் ஒப்பிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் சோப்பு வாங்குவதைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரே வரியை, ஒரே நேரத்தில் சொல்லி.